வராத பணத்தின் வயது

திருப்பூர் பக்கம் அட்டைப்பெட்டி அடிக்கும் ஒரு சிறு தொழிற்சாலை. பனியன் ஏற்றுமதி செய்பவர்களுக்கு மூன்று ப்ளை, ஐந்து ப்ளை பெட்டிகள் போகின்றன. எல்லாம் கடன் வியாபாரம். மாதக் கடைசியில் கணக்கர் டேலியிலிருந்து ஒரு தாளை அச்செடுத்து முதலாளியின் மேசையில் வைக்கிறார். இடது ஓரத்தில் பார்ட்டிகளின் பெயர், வலப்புறம் ஐந்து கட்டங்கள்: 30 நாள் வரை, 31 முதல் 60, 61 முதல் 90, 91 முதல் 180, அதற்கும் மேல். எந்த பில் எத்தனை நாளாக நிற்கிறதோ அதன் தொகை அந்தக் கட்டத்தில் விழும். ஏஜிங் ரிப்போர்ட் என்று சொல்லிப் பழகிவிட்ட இந்தத் தாளை வயதுப் பட்டியல் என்று அழைக்கிறேன்.

முதலாளியின் விரல் எப்போதும் வலது ஓரத்துக் கட்டத்துக்குத்தான் போகும். அங்கே இருக்கும் பெரிய எண்ணைத் தொட்டு, "இவனுக்கு முதல்ல போன் போடுங்க" என்பார். பழைய பாக்கிதானே மோசமான பாக்கி, அதைத்தானே முதலில் துரத்த வேண்டும்? தாள் நமக்குக் காட்டுவது வயதை மட்டும்தான். அந்த வயது ஏன் வந்தது என்பது தாளில் இல்லை. என்ன செய்வது என்று முடிவெடுக்கத் தேவைப்படுவது அந்தக் காரணம். இதைக் காட்ட 2025 செப்டம்பர் 30 தேதியிட்ட ஒரு பட்டியலை எடுத்துக்கொண்டு வரிவரியாகப் படிக்கப்போகிறேன். எண்கள் ஒரே நிறுவனத்தின் ஏட்டிலிருந்து எடுத்தவை அல்ல. பல ஏடுகளில் திரும்பத் திரும்பப் பார்த்தவற்றின் சாயலில் நானே அமைத்தவை.

மொத்த நிலுவை 42 லட்ச ரூபாய். கட்டங்களில் இடமிருந்து வலமாக 19,75,000, 13,60,000, 1,85,500, 2,35,000, 8,16,000. கூட்டிப் பார்த்தால் 45,71,500 வருகிறது. மொத்தம் 42 லட்சம் என்றால் மீதி 3,71,500 எங்கே? தாளைப் படிப்பவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

அதற்கு முன் இன்னொன்றைப் பார்த்துவிட வேண்டும்: வயது எந்தத் தேதியிலிருந்து ஓடுகிறது? டேலியில் இரண்டு வழி உண்டு. `Ageing by Bill Date` என்றால் பில் போட்ட நாளிலிருந்து கணக்கு. `Ageing by Due Date` என்றால் கெடு முடிந்த நாளிலிருந்து. 45 நாள் தவணை பெற்ற பார்ட்டியின் 40 நாள் பழைய பில் முதல் வழியில் இரண்டாம் கட்டத்தில் உட்கார்ந்திருக்கும், இரண்டாவது வழியில் அதற்கு இன்னும் கெடுவே வந்திருக்காது. எந்த வழி ஆனாலும் சரி, மாதாமாதம் ஒரே வழியில் எடுத்தால் போதும். ஒரு பொறி மட்டும் உண்டு. லெட்ஜரில் தவணை நாளைப் பதியாமல் விட்டால், டேலி பில் தேதியையே கெடு தேதியாக எடுத்துக்கொள்ளும். அப்போது இரண்டாவது வழியும் முதல் வழியாகிவிடும், தலைப்பு மட்டும் வேறு. இந்தத் தொழிற்சாலையில் பாதி லெட்ஜர்களில் தவணை காலியாக இருந்ததால் பில் தேதிப்படி எடுத்த தாளையே வைத்துக்கொள்வோம்.

காணாமல் போன 3,71,500 ஒரே பார்ட்டியின் பெயரில் இருக்கிறது. அவர் பெயருக்கு நேரே கடைசிக் கட்டத்தில் 3,85,000 நிற்கிறது. முதலாளியின் விரல் நின்ற எண் அதுதான். அதே வரியின் கீழே சின்ன எழுத்தில் `On Account` என்று போட்டு, எதிர்மறையாக 3,71,500. நடந்தது இவ்வளவுதான். பார்ட்டி பணம் அனுப்பியிருக்கிறார். ரசீது போட்ட பையன், எந்த பில்லுக்கு என்று தெரியாததால், `Agst Ref` கொடுத்து பில்லோடு பொருத்தாமல் பொதுவில் வரவு வைத்துவிட்டான். பணம் வங்கிக்கு வந்துவிட்டது, லெட்ஜர் இருப்பும் சரி. பில் மட்டும் தன் போக்கில் வயதாகிக்கொண்டே இருக்கிறது. உண்மையான பாக்கி 13,500. மழையில் நனைந்து போன ஒரு லோடுக்காக அவர் பிடித்துக்கொண்ட தொகை அது. அவருடைய டெபிட் நோட் வந்து கோப்பில் கிடக்கிறது, நம் ஏட்டில் ஏறவில்லை.

இப்படிப்பட்டவருக்கு "மூன்றே முக்கால் லட்சத்துக்கு மேல பாக்கி, ஆறு மாசமாச்சு" என்று போன் போட்டால் என்ன ஆகும்? அவருடைய கணக்கர் நம் மீது வைத்திருந்த மதிப்பு அன்றோடு போகும். அடுத்த முறை உண்மையிலேயே பாக்கி இருக்கும்போது, "உங்க கணக்கை முதல்ல சரி பண்ணுங்க" என்று எளிதாகத் தள்ளிவிடுவார். தவறான பட்டியலை வைத்து வசூலுக்குப் போவதன் உண்மையான நட்டம் அதுதான். ஆகவே பட்டியலைப் படிப்பதற்கு முன் `On Account` வரிகள் எல்லாவற்றையும் பில்லோடு பொருத்த வேண்டும். பொருத்தியதும் கடைசிக் கட்டம் 8,16,000-லிருந்து 4,44,500 ஆக இறங்கிவிடுகிறது. யாரிடமும் ஒரு ரூபாய் வசூலிக்கவில்லை. பழைய பாக்கியில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக ஒரு மதிய நேரத்தில் மறைந்துவிட்டது.

அந்த 4,44,500-இல் 4,10,000 ஒருவருடையது. தாளில் அவருடைய வயது 182 நாள். அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்கு உறுத்தியது. செப்டம்பர் 30-லிருந்து 182 நாள் பின்னால் போனால் ஏப்ரல் 1 வருகிறது. நிதியாண்டின் முதல் நாள் யாரும் நாலு லட்சத்துக்கு பில் போடுவதில்லை. புது ஆண்டுக்குக் கணக்கை மாற்றும்போது, பழைய பில்களை ஒவ்வொன்றாக ஏற்றாமல், மொத்த பாக்கியை ஒரே வரியாக ஏப்ரல் 1 தேதியிட்டு ஏற்றியிருக்கிறார்கள். அன்றைக்கு அந்தக் கடன் புதிதாகப் பிறந்துவிட்டது. பழைய ஏட்டைப் பிரித்தால் மூன்று பில்கள், அவற்றில் மூத்தது 2023 பிப்ரவரி 10. உண்மையான வயது 963 நாள்.

182-க்கும் 963-க்கும் தாளில் வித்தியாசமே தெரியாது, இரண்டும் 180-க்கு மேற்பட்ட கட்டம்தான். சட்டத்தில் அந்த வித்தியாசம் மலையளவு. 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, தவணை குறித்து விற்ற சரக்கின் விலைக்கு வழக்குப் போட, தவணை முடிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டு. 30 நாள் தவணை என்றால் மூத்த பில்லின் கெடு 2023 மார்ச் 12. வழக்கு உரிமை 2026 மார்ச் 12-ஓடு போய்விடும். கையில் இருப்பது ஐந்தரை மாதம். மற்ற இரண்டு பில்களுக்கும் அதற்குப் பின் தனித்தனியாக ஓடும்.

இங்கே பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. வக்கீல் நோட்டீஸ் அனுப்பினால் கெடு நீண்டுவிடும் என்று நினைக்கிறார்கள். நீளாது. "தீபாவளிக்குள்ள தர்றேன்" என்று போனில் சொன்னதும் கணக்கில் சேராது. கெடு முடிவதற்கு முன், கடனை ஒப்புக்கொண்டு அவர் கையொப்பமிட்டுத் தரும் எழுத்து இருந்தால் அன்றிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு ஓடும். பகுதித் தொகை கட்டி, அந்தக் கட்டணத்துக்கு அவர் கையெழுத்தில் அல்லது கையொப்பத்தில் எழுத்துச் சான்று இருந்தாலும் அப்படியே. ஆண்டுக்கொரு முறை தணிக்கைக்காகச் சடங்குபோல் அனுப்பும் இருப்பு உறுதிக் கடிதம் இந்த இடத்தில்தான் விலைமதிப்புள்ள காகிதமாகிறது. கெடு முடிந்த மறுநாள் வாங்கிய கையொப்பத்துக்கு இந்தப் பலன் கிடையாது.

எனவே இவருக்குச் செய்ய வேண்டியது நினைவூட்டல் அல்ல. இரண்டரை ஆண்டாக வராத பணம் 43-ஆவது போனில் வந்துவிடப் போவதில்லை. நேரில் போக வேண்டும். தொகையைக் குறைத்துக்கொண்டாவது, தவணையாக்கியாவது, கையொப்பமுள்ள ஒரு தாளோடு திரும்ப வேண்டும். கிடைக்கவில்லை என்றால் டிசம்பருக்குள் வக்கீலிடம் கோப்பு போய்விட வேண்டும். 3 லட்சத்துக்குக் குறையாத வணிக வழக்கில், அவசர நிவாரணம் எதுவும் கேட்காத நிலையில், வழக்குக்கு முன் சமரச முயற்சிக்குப் போயாக வேண்டும் என்பதால் மார்ச் முதல் வாரம் வரை காத்திருப்பது தலைவலி. பணம் வருமா என்றால், பாதி வந்தால் பெரிது. ஏட்டில் அதற்கேற்ற ஒதுக்கீட்டை இப்போதே போட்டுவிடுவதுதான் நேர்மை. ஆனால் அது வேறு வேலை; வாராக்கடனுக்கு ஒதுக்கிவிட்டோம் என்பதற்காகக் கையொப்பம் வாங்கப் போகாமல் இருந்துவிடக் கூடாது.

அடுத்த வரி எனக்குப் பிடித்தமானது. ஒரு ஏற்றுமதி நிறுவனம். 30 நாள் வரையிலான கட்டத்தில் 3,10,000, அதற்குப் பின் இரண்டு கட்டங்கள் காலி, 91 முதல் 180 வரையிலான கட்டத்தில் 2,35,000. நடுவில் ஓட்டை விழுந்த வரி. பணமில்லாத பார்ட்டியின் வரி இப்படி இருக்காது. அவர் எல்லா பில்லையும் சேர்த்தே இழுப்பார், கட்டங்கள் வரிசையாக நிரம்பிக்கொண்டே போகும். இவரோ பின்னால் வந்த பில்களையெல்லாம் ஒழுங்காகத் தீர்த்துவிட்டு, ஒன்றை மட்டும் தாண்டிப் போயிருக்கிறார். அந்த ஒன்றில் ஏதோ சிக்கல்.

கணக்கர் மாதம் இரண்டு முறை அந்த நிறுவனத்துக்குப் போன் செய்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் "பாக்கி இருக்குங்க, கொஞ்சம் பாருங்க" என்பதோடு பேச்சு முடிந்திருக்கிறது. "ஏன் நிக்குது?" என்று கேட்கவே இல்லை. கேட்டபோது அந்தப் பக்கத்துப் பெண் அரை நிமிடத்தில் திரையைப் பார்த்துச் சொல்லிவிட்டார்: "எங்க ஜி.ஆர்.என்.ல 4,850 பெட்டிதானுங்க இருக்கு. நீங்க 5,000-க்கு பில் போட்டிருக்கீங்க. மேட்ச் ஆகாம சிஸ்டமே பிடிச்சு வச்சிருக்குதுங்க."

பெரிய நிறுவனங்களில் ஆர்டர், கேட்டில் எண்ணி எடுத்த சரக்கு வரவு, பில் மூன்றும் ஒத்துப்போனால்தான் பணம் கிளம்பும். ஒரு பெட்டி வரியோடு 47 ரூபாய். 150 பெட்டி என்றால் 7,050 ரூபாய். ஏழாயிரம் ரூபாய் வித்தியாசம் 2,35,000-ஐ 104 நாளாகக் கட்டிப்போட்டிருக்கிறது. நம் டெலிவரி சலானின் மறுபாதியைத் தேடி எடுத்தால், அதில் அவர்களுடைய கேட் சீல் இருக்கிறது, எண்ணிக்கை எழுதும் இடத்தில் 4,850 என்று பேனாவால் திருத்தியும் இருக்கிறது. டிரைவர் அந்தத் தாளை வாங்கி டேஷ்போர்டில் வைத்திருக்கிறான். பிறகு அது ஸ்டோர்ஸில் ஒரு கட்டில் சேர்ந்துவிட்டது. கணக்கர் மேசைக்கு வரவே இல்லை.

இதற்கு வசூல் ஆள் தேவையில்லை. 7,050-க்கு ஒரு கிரெடிட் நோட் போட்டு அனுப்பினால் அடுத்த பேமெண்ட் சுற்றில் 2,27,950 வந்துவிடும். குறைத்த தொகைக்கான ஜி.எஸ்.டி.யையும் கழித்துக்கொள்ளலாம், அந்த நிதியாண்டு முடிந்தபின் வரும் நவம்பர் 30-க்குள் கிரெடிட் நோட்டைக் கணக்கில் காட்டினால். சலானில் திருத்தம் எதுவும் இல்லாமல் சீல் மட்டும் இருந்திருந்தால் கதை வேறு. சிறு குறு நடுத்தரத் தொழில் நிறுவனங்களுக்கான 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி, சரக்கு வந்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொல்லாவிட்டால் அது ஏற்கப்பட்டதாகவே பொருள். ஏழாயிரத்துக்காக அந்த வாதத்தை எடுத்துக்கொண்டு போவதா என்பது வேறு. நான் போகமாட்டேன். மாதம் மூன்று லட்சத்துக்கு வாங்கி ஒழுங்காகப் பணம் தரும் இடம் அது.

இந்த 91 முதல் 180 வரையிலான கட்டத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. வாங்கியவர் பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் தராவிட்டால், அந்த பில்லில் எடுத்த ஜி.எஸ்.டி. உள்ளீட்டு வரிச் சலுகையை வட்டியோடு திருப்ப வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. கொடுத்தபின் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்றாலும் அவர்களுடைய ஆடிட்டருக்கு இது வேண்டாத வேலை. 150-ஆவது நாள் வாக்கில் இதை நாசூக்காக நினைவூட்டும் ஒரு கடிதத்தை, வாங்கும் பிரிவுக்கு அனுப்பாமல் அவர்களுடைய கணக்குப் பிரிவுக்கு அனுப்பினால் வேலை நடக்கிறது. 181-ஆம் நாள் அனுப்பினால் பயனில்லை. கட்டம் மாறியபின் பார்ப்பவருக்கு இந்தக் கருவி கையில் கிடைப்பதே இல்லை.

இதுவரை பார்த்த மூன்று வரிகளும் வலப்பக்கத்தில் இருந்தவை. ஒன்று ஏட்டுப் பிழை, ஒன்று ஏறக்குறைய போய்விட்ட பணம், ஒன்று 7,050 ரூபாய்ச் சிக்கல். இந்தத் தாளில் உள்ள உண்மையான ஆபத்து இடப்பக்கம் இருக்கிறது. யாரும் விரல் வைக்காத இடம்.

நடுத்தர அளவிலான ஓர் ஏற்றுமதியாளர், 30 நாள் தவணை. முதல் கட்டத்தில் 5,20,000, இரண்டாவதில் 4,60,000, மூன்றாவதில் 1,10,000. மொத்தம் 10,90,000. 90 நாளைத் தாண்டி ஒரு ரூபாய் இல்லை. முதலாளிக்கு இவர் மேல் தனிப் பிரியம், ஏனென்றால் நான்கு மாதமாக ஆர்டர் ஏறிக்கொண்டே இருக்கிறது: ஜூனில் 2,80,000, ஜூலையில் 3,60,000, ஆகஸ்டில் 4,60,000, செப்டம்பரில் 5,20,000.

ஒரு தாளை மட்டும் பார்த்தால் இவ்வளவுதான் தெரியும். முந்தைய இரண்டு மாதத் தாள்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, போன மாத முதல் கட்டத்துப் பணத்தில் எவ்வளவு இந்த மாத இரண்டாம் கட்டத்துக்கு நகர்ந்தது என்று பார்க்க வேண்டும். ஜூன் விற்பனை 2,80,000-இல் ஜூலைக் கடைசியில் நின்றது 70,000, கால் பங்கு. 35, 36 நாளில் பணம் தருபவருக்கு அப்படித்தான் இருக்கும், மாதக் கடைசி பில்கள் மட்டும் நிற்கும். ஜூலை விற்பனை 3,60,000-இல் ஆகஸ்டுக் கடைசியில் நின்றது 2,60,000, நூற்றுக்கு 72. ஆகஸ்டு விற்பனை 4,60,000-இல் செப்டம்பர்க் கடைசியில் நிற்பது 4,60,000. முழுவதும். கால், முக்கால், முழுசு. மூன்றே மாதத்தில் இவர் வேறு ஆளாகிவிட்டார்.

ஏன் இது தாளில் கத்தவில்லை? விற்பனை ஏறியதால். புதிய பில்கள் இளைய கட்டங்களைக் கொழுக்க வைக்கின்றன, பழையது எவ்வளவு என்று சதவீதம் போட்டால் அது சின்னதாகத் தெரிகிறது. இவருடைய மொத்தத்தில் 60 நாளைத் தாண்டியது பத்தில் ஒரு பங்குதான். விற்பனை நின்றபின்தான் அந்தச் சதவீதம் எகிறும். அன்றைக்குத் தெரிந்து என்ன பயன்? சராசரி வசூல் நாள் என்ற கணக்கும் இதே காரணத்தால் ஏமாற்றும். நகர்வைப் பார்ப்பது ஒன்றுதான் ஏமாறாது.

ரசீதுகளைப் புரட்டினால் இன்னொரு தடயம். ஜூலை வரை இவர் பில் பில்லாகப் பைசா சுத்தமாக அனுப்பினார்: 68,440, 91,207 என்று. ஆகஸ்டில் ஜூன் மீதி 70,000 தீர்ந்தபின் வந்தது 1,00,000. செப்டம்பரில் 1,00,000, பிறகு 50,000. உருண்டைத் தொகைகள். பில்லைப் பார்த்துக் கொடுப்பவர், கையில் இருப்பதைப் பார்த்துக் கொடுப்பவராக மாறிவிட்டார். செப்டம்பரில் நாம் 5,20,000-க்குச் சரக்கு அனுப்பி 1,50,000 வாங்கியிருக்கிறோம். ஒரே மாதத்தில் அவரிடம் மாட்டிய நம் பணம் 3,70,000 கூடியிருக்கிறது.

பணம் தர முடியாதவர் ஏன் அதிகமாக வாங்குகிறார்? அவருடைய தொழில் வளர்ந்ததால் இருக்கலாம். வளரும் தொழிலுக்கும் கைப்பணம் பற்றாது. இன்னொரு காரணமும் இருக்கலாம், அதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்: அவருக்குப் பெட்டி கொடுத்துக்கொண்டிருந்த இன்னொருவர் நிறுத்திவிட்டார், அந்த ஆர்டர் நம் பக்கம் வருகிறது. இதைக் கண்டுபிடிக்கத் துப்பறியும் வேலை வேண்டாம். நம் லோடு இறக்கப் போகும் டிரைவரைக் கேட்டால், "முன்னல்லாம் குடோன்ல பாதி வேற பார்ட்டி பெட்டி கெடக்கும். இப்ப நம்முது மட்டுந்தானுங்க" என்பார். அவருடைய ஜி.எஸ்.டி. எண்ணை அரசுத் தளத்தில் போட்டால் மாதாந்திர `GSTR-3B` தாக்கல் ஆகியிருக்கிறதா என்று யாரும் பார்க்கலாம். ஜூன் வரை ஒழுங்காகத் தாக்கல் செய்தவர் அடுத்த மாதங்களில் நின்றிருந்தால், வரி கட்டவே பணமில்லை என்று பொருள் கொள்வதில் தவறில்லை. அமைதியாகத் தாக்கல் ஆகிக்கொண்டிருந்தால் பேச்சின் தொனியைக் கொஞ்சம் தளர்த்தலாம்.

செய்ய வேண்டியதும் இங்கே வேறு. 4,10,000 பாக்கிக்காரரிடம் நம் கையில் எந்தப் பிடியும் இல்லை. இவரிடம் இருக்கிறது, அவருக்கு நாளைக்கும் பெட்டி வேண்டும். பெட்டி இல்லாமல் பனியன் கன்டெய்னரில் ஏறாது. வேறு ஆளைத் தேடினால் அவர் முன்பணம் கேட்பார். ஆகவே சரக்கை ஒரேயடியாக நிறுத்தாமல், ஒரு உச்ச அளவைச் சொல்லிவிடுவது நல்லது: இன்றைய 10,90,000-க்கு மேல் ஏறாது, ஒரு லோடு போக வேண்டும் என்றால் அதே அளவுக்குப் பழைய பில் ஒன்று தீர வேண்டும். முதலில் 60 நாளைத் தாண்டிய 1,10,000. பின் தேதியிட்ட செக் கொடுத்தால் வாங்கி வைத்துக்கொள்ளலாம். திரும்பினால் வங்கி தெரிவித்த 30 நாளுக்குள் நோட்டீஸ், அவருக்கு 15 நாள் அவகாசம் என்று கண்டிப்பான பாதை ஒன்று திறக்கும். ஆனால் செக்கைப் பணமாக எண்ணி உச்ச அளவை ஏற்றிவிடக் கூடாது. அந்தத் தப்பை நான் அடிக்கடி பார்க்கிறேன்: செக் வந்ததும் ரசீது போட்டுவிடுவார்கள், பட்டியலில் பாக்கி மறைந்துவிடும், செக் இன்னும் டிராயரில் இருக்கும்.

மீதி உள்ளவற்றைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். பட்டியலிலேயே பெரிய தொகை 14,30,000, ஒரு பெரிய நிறுவனத்துடையது. தவணை 45 நாள், தருவது 52-இலிருந்து 55 நாளுக்குள், இரண்டு ஆண்டாக மாறவே இல்லை. ஒவ்வொரு மாதத் தாளிலும் இவர் கெடு தாண்டியவராகவே தெரிவார். 2006 சட்டப்படி 45 நாளுக்கு மேல் தவணை பேசவே முடியாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதக் கூட்டுவட்டி. உத்யம் பதிவுள்ள சிறு, குறு உற்பத்தியாளர் கேட்டு வாங்கலாம். பத்து நாளுக்காக இவரிடம் அதைக் கேட்பவரை நான் பார்த்ததில்லை, கேட்கச் சொல்லவும் மாட்டேன். 2023 நிதிச் சட்டம் சேர்த்த 43B(h) பிரிவு, கெடு தாண்டி நிற்கும் சிறு, குறு நிறுவனப் பாக்கியைக் கொடுத்த ஆண்டில்தான் செலவாகக் கழிக்கலாம் என்கிறது. ஆண்டு முடிவுக்குள் கொடுத்துவிட்டால் அவர்களுக்கு நட்டமில்லை என்பதால் அதன் கடி மார்ச்சில்தான் தெரியும். அதனால் மார்ச் 31 பட்டியல் மட்டும் அசாதாரணமாக அழகாக இருக்கும். அதை வைத்து யாருடைய பழக்கத்தையும் எடைபோடக் கூடாது. இவருக்குச் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை, 60-ஆம் நாள் வரை. அன்றைக்கும் பணம் வரவில்லை என்றால் அன்றே பேச வேண்டும். இரண்டு ஆண்டில் நடக்காத ஒன்று நடந்திருக்கிறது என்று பொருள்.

சின்ன பார்ட்டிகள் 31 பேர், சேர்ந்து 7,11,500. இவர்களில் 60 நாளைத் தாண்டியது மொத்தமே 96,500. முதலாளி இதில் தலையிட வேண்டாம். அலுவலகப் பையன் திங்கள்கிழமை காலை ஒவ்வொருவருக்கும் லெட்ஜரை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பாதிப் பேர் அந்த வாரமே கட்டிவிடுவார்கள். மறதிதான் பெரும்பாலும் காரணம்.

அந்தத் தாள் மேசைக்கு வந்த செவ்வாய்க்கிழமை, முதலாளி போன் போடச் சொன்ன ஆளுக்குப் போன் போகவில்லை. அவர் பெயரில் ஒரு டெபிட் நோட் ஏட்டில் ஏறியது, அவ்வளவுதான். 7,050-க்கு ஒரு கிரெடிட் நோட் அடித்தாகிவிட்டது. பழைய பாக்கிக்காரரைப் பார்க்க முதலாளியே சனிக்கிழமை போவதாக ஒப்புக்கொண்டார், முத்திரையோடு அச்சிட்ட இருப்பு உறுதிக் கடிதம் ஒன்றை எடுத்துக்கொண்டு. பிரியமான அந்த ஏற்றுமதியாளரின் விஷயத்தில்தான் முகம் சுளித்தார். "நாலு மாசமா ஆர்டரைக் கூட்டிட்டே வர்றவருங்க அவரு." மூன்று தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, கால், முக்கால், முழுசு என்று பென்சிலால் வட்டம் போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஜன்னல் வழியாக ஷெட்டின் பக்கம் திரும்பினார். அந்த ஏற்றுமதியாளருக்கான லோடு பாதி ஏறியிருந்தது. "மீதிய நிறுத்தி வைங்க, நான் பேசிட்டுச் சொல்றேன்" என்று குரல் கொடுத்துவிட்டு போனை எடுத்தார்.